பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தந்த கம்பெனி: கடமை செய்ததா, விளம்பரம் செய்ததா?

மலர்விழி டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனி, சில ஆண்டுகளுக்கு முன் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்தது. சுவர் முழுக்க டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, போரிலிருந்து தண்ணீர் ஏற்றத் தனி மோட்டார் எல்லாம் வைத்து நன்றாகவே கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு கேமராக்காரர்கள் வந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட பலகை சாலையிலிருந்தே தெரியும்.

அடுத்த கோடையில் மோட்டார் எரிந்துவிட்டது. பள்ளியின் ஆண்டு மானியத்தில் சாக்பீஸ் முதல் மின்கட்டணம் வரை பார்க்க வேண்டும், மோட்டாருக்கு மிச்சமில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். "கட்டடம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, பராமரிப்பு பள்ளியின் பொறுப்பு" என்று மரியாதையாகப் பதில் வந்தது. இப்போது பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மாதத்தில் அந்த மூன்று நாள் வருவதே இல்லை.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. கொடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறது ஒன்று. அவர்கள் போட்டோ எடுக்கத்தான் வந்தார்கள் என்கிறது மற்றொன்று. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இது அவர்கள் விரும்பிச் செய்ததா, சட்டப்படி செய்தே ஆக வேண்டியதா? செய்தே ஆக வேண்டியது என்றால், மோட்டாரைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

ஈரோட்டு நந்தன்

டீச்சர், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் வரி சேமிக்கத்தான். பத்து லட்சம் செலவு காட்டினால் அவ்வளவுக்கு வரி குறையும், அதோடு பேப்பரில் போட்டோவும் வரும். கடமை என்றெல்லாம் ஒன்றுமில்லை.

பழைய செக்ரட்டரி

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நான் ஒரு தொழில் நிறுவனத்தில் கம்பெனி செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சட்டம் வந்தபோது எங்கள் போர்டுக்கு முதல் கொள்கை ஆவணத்தை எழுதியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் எது ஒன்றைத் தொட்டாலும் அந்தக் கம்பெனி இதற்குள் வரும் என்று அந்தச் சட்டம் வைத்தது. வந்துவிட்டால், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டு லாபம் முறையே 80, 100, 120 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 100 கோடி. அந்த ஆண்டு 2 கோடி செலவிட வேண்டும்.

ஆரம்பத்தில் செலவிடாவிட்டால் ஏன் என்று ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும் என்று இருந்தது. "தகுந்த திட்டம் கிடைக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்தைப் பல கம்பெனிகள் ஆண்டுக்காண்டு எழுதின. 2021 ஜனவரியில் அது மாறியது. இப்போது செலவாகாத பணத்தைக் கம்பெனி கையில் வைத்துக்கொள்ள முடியாது. தொடர் திட்டத்துக்கு ஒதுக்கிய பணமென்றால், நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவிட வேண்டும். மற்றதென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிட்டுள்ள அரசு நிதிகளில் ஏதாவது ஒன்றில் சேர்க்க வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, எது குறைவோ அது அபராதம்.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில், கம்பெனிக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவது சட்டக் கடமை. ஆனால் அதை உங்கள் பள்ளிக்குத் தர வேண்டும் என்ற கடமை கிடையாது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான். கட்டிய பிறகு மோட்டார் போட்டுத் தர வேண்டும் என்று அதில் எந்த வரியும் இல்லை.

நந்தன் தம்பிக்கு: வரி சேமிப்பு என்பது பரவலாக நம்பப்படுகிறது, ஆனால் சரியில்லை. இந்தச் செலவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளக் கூடாது என்று 2014 நிதிச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2023-க்குப் பிறகு இதற்கு வாங்கும் பொருளின் ஜி.எஸ்.டி.யையும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. டீச்சர் பள்ளியின் சிமென்ட்டுக்கும் டைல்ஸுக்கும் கம்பெனி வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்துதான் கொடுக்கிறது.

ஈரோட்டு நந்தன்

ஐயா, அப்படியானால் நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80-ஜி பிரிவு? எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி தன் பணம் முழுவதையும் ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்து 80-ஜி ரசீது வாங்குகிறது. ஆடிட்டர் சொல்லித்தான் செய்கிறார்கள்.

பழைய செக்ரட்டரி

அது உண்மைதான் தம்பி. நேரடியாகக் கட்டடம் கட்டினால் கழிவு இல்லை. பதிவு பெற்ற டிரஸ்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தால் 80-ஜியில் ஒரு பகுதி கழிவு கேட்கிறார்கள், துறை மறுக்கிறது, தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் கம்பெனி பக்கம் சொல்லியிருக்கின்றன. அது ஓர் இடுக்கு வழி. ஆனால் அங்கேயும் ஒரு ரூபாய் கொடுத்தால் மிச்சமாவது சில பைசாதான். வரிக்காக மட்டும் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

கபடி குமார்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருடாவருடம் மாநில அளவிலான கபடிப் போட்டி நடத்துகிறோம். இந்த 2 சதவீதத்தில் எங்களுக்கு ஸ்பான்சர் கிடைக்குமா? ஜெர்சியில் கம்பெனி பெயர் போடுகிறோம், மைக்கில் விடாமல் சொல்கிறோம். யாரைப் பார்க்க வேண்டும்?

பழைய செக்ரட்டரி

குமார் தம்பி, ஜெர்சியில் பெயர் போடுகிறேன் என்று நீங்கள் சொன்ன உடனேயே அது இந்த நிதியில் வராது. தன் பொருளுக்கு விளம்பரப் பலன் கிடைக்கும்படி ஸ்பான்சர் செய்வதை விதி வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. மாரத்தான், விருது விழா, டி.வி. நிகழ்ச்சி போன்ற ஒருநாள் காரியங்களும் சேராது என்று 2014 ஜூனில் அமைச்சகம் சுற்றறிக்கையே அனுப்பியது. அவர்கள் விளம்பரப் பிரிவிலிருந்து பணம் தரலாம், அது வேறு கணக்கு.

அதே நேரம், எந்தெந்தக் காரியம் சேரும் என்று சொல்லும் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராமத்து விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சியாளர், பாய், சத்துணவு என்று திட்டமாக எழுதினால் கேட்க முடியும். பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும்.

கணக்கு சுதா

நான் பள்ளிக் கட்டடம், குடிநீர் வேலைகள் செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். டீச்சரின் மோட்டார் ஏன் எரிந்தபடியே கிடக்கிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கம்பெனிகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான் வரும். மார்ச் 31-க்குள் பணம் செலவாகியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கக்கூடியது எது? கட்டடம், பெஞ்ச், கம்ப்யூட்டர். ஒரு துப்புரவுப் பணியாளருக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் என்று திட்டம் கொடுத்தால், "எத்தனை யூனிட், எத்தனை பயனாளி" என்ற கட்டத்தில் நிரப்ப எண் இருக்காது. எனவே அது முதல் சுற்றிலேயே வெட்டுப்படும். கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான் 5 சதவீத உச்சவரம்பு, ஆனால் பல இடங்களில் அதை எங்கள் தலையிலும் வைக்கிறார்கள். திரும்பிப் போய்ப் பார்க்க எங்களுக்கே வண்டிக் காசு இருக்காது.

அப்புறம் சொத்து விஷயம். 2021-க்குப் பிறகு இந்தப் பணத்தில் உண்டாக்கிய கட்டடமோ கருவியோ கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. பொது அதிகார அமைப்பின் பெயரிலோ, பயனாளி பெயரிலோ, பதிவு பெற்ற டிரஸ்ட் பெயரிலோ போய்விட வேண்டும். கம்பெனி தனக்கே சொத்து சேர்த்துக்கொள்ளாமல் இருக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதன் இன்னொரு முகம்தான் டீச்சருக்கு வந்த பதில் கடிதம். ஒப்படைத்த கையெழுத்து விழுந்ததும் அவர்கள் புத்தகத்தில் அந்தக் கழிப்பறை முடிந்துபோன வேலை.

யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்றால், பலனை வெளியாரை வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு சராசரியாக 10 கோடியும் அதற்கு மேலும் செலவிட வேண்டிய கம்பெனிகளுக்கு, அதிலும் ஒரு கோடியைத் தொடும் திட்டங்களுக்கு மட்டும். சில லட்சத்துக்குக் கட்டிய ஒரு பள்ளிக் கழிப்பறை அந்த வலையில் விழவே விழாது. கம்பெனியின் நிதி அதிகாரி, பணம் சொன்ன காரியத்துக்குச் செலவானது என்று சான்று தருவார். தண்ணீர் வருகிறதா என்பதற்குச் சான்று தர யாரும் இல்லை.

மலர்விழி டீச்சர்

சுதா அக்கா, ரொம்ப நன்றி. அப்படியானால் இது எங்கள் பள்ளிக்கு மட்டும் நடந்த கதை இல்லையா?

கணக்கு சுதா

இல்லை டீச்சர். 2014-ல் ஓராண்டுக்குள் எல்லா அரசுப் பள்ளிகளிலும் கழிப்பறை என்று மத்திய அரசு அறிவித்தபோது, பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகளை ஏற்றன. என்.டி.பி.சி., கோல் இந்தியா, ஓ.என்.ஜி.சி. போன்ற ஏழு நிறுவனங்கள் கட்டியதில் 2,695 கழிப்பறைகளை மத்திய தணிக்கை அதிகாரியின் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அந்த அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

அந்த 2,695-ல் 83 கட்டப்படவே இல்லை. 200 கட்டியதாகக் கணக்கில் இருந்தும் அந்த இடத்தில் இல்லை. 86 பாதியில் நின்றிருந்தன. மிச்சம் 2,326. அவற்றில் 72 சதவீதத்துக்குக் குழாய்த் தண்ணீர் வசதி இல்லை, 55 சதவீதத்தில் கை கழுவ இடமில்லை. 691 கழிப்பறைகள் பயன்பாட்டிலேயே இல்லை. பெரும்பாலும் தண்ணீர் இல்லாததும் சுத்தம் செய்ய ஆள் இல்லாததும்தான் காரணம்.

நான் அடிக்கடி யோசிப்பது இதுதான். இந்த நிறுவனங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்க ஒரு பொருளும் வைத்திருக்கவில்லை. நிலக்கரியும் மின்சாரமும் எடுப்பவர்களுக்குக் கழிப்பறை வாசலில் பலகை வைத்து ஆகப்போவது என்ன? விளம்பர ஆசையே இல்லாமல், கடமை என்று சொல்லிச் செய்தது. அதுவும் டீச்சர் பள்ளியைப் போலத்தான் முடிந்தது.

சந்தைவாசி

சுதா சொன்ன கடைசிப் பத்தியிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. நான் நுகர்பொருள் விற்பனைத் துறையில் இருப்பவன். விளம்பரம் என்ற சொல்லை நீங்கள் எல்லாரும் குற்றம்போல் பயன்படுத்துகிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

இந்தச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, 2002-ல், இந்துஸ்தான் லீவர் லைஃப்பாய் சோப்புக்காக ஸ்வாஸ்த்ய சேத்னா என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆட்கள் கிராமப் பள்ளிக்குப் போவார்கள். பிள்ளைகள் கையில் ஒரு பொடியைத் தடவி, தண்ணீரில் மட்டும் கழுவச் சொல்வார்கள். கை சுத்தமாகத் தெரியும். பிறகு புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால் பொடி ஒட்டிய இடமெல்லாம் பளிச்சென்று ஒளிரும். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் காட்டினால் ஒளிராது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் கையிலும் கிருமி இருக்கிறது என்பதை அரை மணி நேரப் பேச்சு புரியவைக்காது, அந்த விளக்கு புரியவைக்கும். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், பிள்ளைகளில் தொடங்கித் தாய்மார்கள், ஊர்ப் பெரியவர்கள் வரை பேசினார்கள்.

ஏன் திரும்பப் போனார்கள்? பழக்கம் நிலைத்தால்தான் சோப்பு விற்கும். அவர்கள் அதைத் தானமாக நடத்தவில்லை, வியாபாரத்தோடு சேர்த்துத்தான் நடத்தினார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டும் பட்ஜெட்டில் இடம் இருந்தது. டீச்சர் பள்ளியில் கழிப்பறை கட்டிய கம்பெனிக்கு அந்த மோட்டார் ஓடுவதில் ஏதாவது லாபம் இருந்திருந்தால் இந்நேரம் மாற்றியிருப்பார்கள். ஆசையில்லாத கடமையைவிட, லாபத்தோடு சேர்ந்த நல்லது நீண்ட நாள் நிற்கும்.

பழனிமலைச் சாரல்

சந்தைவாசி அண்ணா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கை கழுவினால் வயிற்றுப்போக்கு குறையும் என்பது உண்மை. ஆனால் அதே கம்பெனியின் இன்னொரு கதை எங்கள் மலையில் இருக்கிறது.

கொடைக்கானலில் பாதரச வெப்பமானி தயாரிக்கும் ஆலை 1983-ல் தொடங்கியது. பாண்ட்ஸ் ஆரம்பித்தது, பிறகு லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 மார்ச்சில். மூடியதற்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே பதினைந்து ஆண்டு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2002-ல் கை கழுவும் திட்டம் தொடங்குகிறது. நாடு முழுவதும் பள்ளிகளில் விளக்கு வைத்துச் சுத்தம் கற்றுக்கொடுத்த அதே ஆண்டுகளில், எங்கள் மலையில் தொழிலாளர்கள் நஷ்ட ஈட்டுக்கு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். கை கழுவுவதில் லாபம் இருந்தது, திரும்பத் திரும்பப் போனார்கள். பாதரசத்தை அள்ளுவதில் என்ன லாபம்? லாபம் இருக்கும் நல்லதை மட்டும் நம்பினால், லாபம் இல்லாத இடத்தில் யார் வருவார்கள்?

சந்தைவாசி

தம்பி, அது வேறு. பாதரசத்தை அகற்றுவது நல்ல காரியம் இல்லை, தான் செய்த சேதத்தைச் சரிசெய்வது. அதற்கு நீதிமன்றமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

பழனிமலைச் சாரல்

போடக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் மக்கள் மனதில் அவை ஒரே தராசில்தான் விழுகின்றன. ஆலைக்கு எதிராகப் பேசினால், "உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவர்கள்தானே பெஞ்ச் கொடுத்தார்கள்" என்று ஊரிலேயே கேட்பார்கள். கொடைக்கானலை விடுங்கள், ஆலை இருக்கும் எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பது போலத்தான் அந்த பெஞ்சும்.

பழைய செக்ரட்டரி

சாரல் தம்பி சொன்னதில் சட்டம் தெளிவாக இருக்கும் ஓர் இடம் உண்டு. வேறு எந்தச் சட்டத்தின்படியும் செய்தே ஆக வேண்டிய வேலையைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், ஆலைக்கு அனுமதி தரும்போது நிபந்தனையாக வைத்த மரம் நடுதல், தொழிலாளருக்கு மருத்துவப் பரிசோதனை எதுவும் இந்த 2 சதவீதத்தில் சேராது. ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் எதுவும் சேராது.

எனவே ஒரு கம்பெனியின் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஆலையின் புகைக்கும் கழிவுக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் என்ன செலவு, அது எந்த வகை என்பதைத்தான். ஆலையைச் சுற்றி மரம் நட்டதாகப் பெரிய தொகை இருந்தால், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை எடுத்து ஒப்பிட வேண்டும். அதே மரங்கள் இரண்டு கணக்கிலும் இருக்கக் கூடாது.

பாலாஜி

எல்லாரும் கம்பெனி, கம்பெனி என்கிறீர்கள். அந்தப் பணம் யாருடையது? நான் சில நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருப்பவன். ஓய்வுக் காலத்துக்கு அதுதான் எனக்கு. பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது அரசின் வேலை, அதற்கு நான் வரி கட்டுகிறேன். பிறகு என் லாபத்திலிருந்து இன்னொரு 2 சதவீதத்தை, நான் தேர்ந்தெடுக்காத ஒருவர், அவருக்குப் பிடித்த காரியத்துக்குக் கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொள்கிறார். பெயர் வேறாக இருந்தாலும் எனக்கு இது இன்னொரு வரிதான். நேராக வரியாகவே எடுத்திருந்தால், சட்டமன்றத்தில் யாராவது கணக்குக் கேட்டிருப்பார்கள்.

பழைய செக்ரட்டரி

பாலாஜி சார், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பங்குச் சந்தையும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தது. மஞ்சிராஜு, ராஜ்கோபால் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சட்டத்தால் செலவிட்டே ஆக வேண்டிய நிலைக்கு வந்த கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4.1 சதவீதம் இறங்கியதாகக் கணக்கிட்டார்கள். அதிலேயே ஒரு விதிவிலக்கு: விளம்பரத்துக்கு அதிகம் செலவிடும் கம்பெனிகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. அதாவது, நல்ல பெயரைக் காசாக்கத் தெரிந்தவர்களுக்கு இது சுமையாகாது என்று சந்தை கணக்குப் போட்டது. சந்தைவாசி சொன்னதற்கும் அது ஒரு சாட்சி.

இன்னோர் ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சட்டத்துக்கு முன்பே 2 சதவீதத்துக்கு மேல் விரும்பிச் செலவிட்டுவந்த கம்பெனிகள், சட்டம் வந்த பிறகு குறைத்துக்கொண்டன என்று தர்மபாலா, கன்னா இருவரும் கண்டார்கள். குறைவாகச் செய்தவர்கள் ஏறினார்கள், அதிகம் செய்தவர்கள் இறங்கினார்கள். விரும்பிக் கொடுத்தபோது அது அவர்களைத் தனியாகக் காட்டியது. எல்லாரும் கொடுக்க வேண்டும் என்றானதும் அந்தச் சிறப்பு போய்விட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். இதனால் மொத்தத்தில் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில், முன்பு ஒரு பைசா தராதவர்கள் தரத் தொடங்கியது பெரிய மாற்றம்.

பாலாஜி

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நல்ல மனதோடு கொடுத்தவனைச் சட்டம் கெடுத்துவிட்டது, மனமில்லாதவனை நடிக்க வைத்துவிட்டது. என் கருத்து மாறவில்லை சார்.

கணக்கு சுதா

பாலாஜி சார், நடிப்பாக இருந்தாலும் பணம் வருகிறது. எங்கள் நிறுவனம் 2014-க்கு முன் வெளிநாட்டு நன்கொடையை நம்பித்தான் இருந்தது. இப்போது உள்ளூர்க் கம்பெனிப் பணம்தான் பெரும்பங்கு. நான் அவர்கள் மனதைச் சோதிப்பதை விட்டுவிட்டேன். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று மட்டும் பார்க்கிறேன். ஒரே ஆண்டு என்றால் பலகைக்காக வருகிறார்கள். மூன்று ஆண்டு, அதில் பழுது பார்க்கத் தனித் தலைப்பு, ஊர் ஆட்கள் கையில் கொஞ்சம் பணம் என்று இருந்தால் அவர்களுக்கு வேலையில் அக்கறை இருக்கிறது. அவர்கள் கேமராவோடு வந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

மலர்விழி டீச்சர்

எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்று கேட்டார். பழைய கம்பெனியிடமே மறுபடி கேட்பதா, புதிதாக ஒருவரைப் பார்ப்பதா? கேட்டால் எப்படி எழுத வேண்டும்? "உதவி செய்யுங்கள்" என்று எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம்.

பழைய செக்ரட்டரி

டீச்சர், முதலில் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். பின் இணைப்பில் சமூகப் பொறுப்புக்கென்று ஒரு பகுதி வரும். இந்த நிதியில் உண்டாக்கிய சொத்துகளை முகவரி, பின்கோடு, தேதி, தொகை, யார் பெயரில் பதிவு என்று தனி அட்டவணையில் எழுத வேண்டும். உங்கள் பின்கோடைத் தேடுங்கள். எவ்வளவு செலவானதாகக் காட்டியிருக்கிறார்கள், சொத்து யார் பெயரில் என்று தெரிந்துகொண்ட பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதே பகுதியில் செலவாகாத தொகை என்று ஒரு வரி இருக்கும். அதில் பணம் தேங்கியிருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் உதவி கேட்காதீர்கள், திட்டமாக எழுதுங்கள். மோட்டார் மாற்றுவது, மின் அழுத்தம் ஏறி இறங்கினால் எரியாமல் இருக்க ஸ்டார்ட்டர், தண்ணீர்த் தொட்டி கழுவுவது, ஒரு தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம், நாப்கின் எரிக்கும் கருவி என்று தொகை போட்டு, மூன்று ஆண்டுத் தொடர் திட்டமாகக் கேளுங்கள். தொடர் திட்டம் என்ற அந்தச் சொல்லையே எழுதுங்கள். தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டு வரை நீட்ட விதி இடம் தருகிறது. மார்ச்சில் பணம் மீந்தால் அதைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த ஆண்டு செலவிட அவர்களுக்கும் வழி கிடைக்கும்.

கணக்கு சுதா

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடிதம் டிசம்பருக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான திட்டப் பட்டியலைத் தயாரிப்பது அப்போதுதான். மார்ச்சில் போனால் கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏற்ற பெஞ்ச்தான் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணையுங்கள். மாதாமாதம் மோட்டாரும் குழாயும் ஓடுகிறதா என்று தாய்மார்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் ஒரு பதிவேடு வைப்போம் என்றும் எழுதுங்கள். அவர்கள் அலுவலகத்தில் அறிக்கை எழுதும் ஆளுக்கு அந்தப் பதிவேடு மிகவும் பிடிக்கும்.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாகவும் உங்கள் தேவையைப் பதிவு செய்யுங்கள். முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க வந்த வழி அது. இரண்டு பக்கமும் முயற்சி செய்யலாம்.

பழனிமலைச் சாரல்

டீச்சர், பலகை விஷயத்தையும் கடிதத்தில் எழுதுங்கள். பெயர்ப் பலகை இருக்கட்டும், அதிலேயே பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தொலைபேசி எண்ணும் போடச் சொல்லுங்கள்.

சந்தைவாசி

சாரல் தம்பி, அதை நானும் ஆதரிக்கிறேன். பெயர் போட்ட பொருள் பழுதாக நிற்பதை எந்த விற்பனைக்காரனும் விரும்ப மாட்டான். ஆனால் பாதரசம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கபடி குமார்

செக்ரட்டரி ஐயா, பயிற்சித் திட்டமாக எழுதுவதென்றால் எங்கள் இளைஞர் நற்பணி மன்றத்தின் சங்கப் பதிவு போதுமா, இல்லை டிரஸ்டாகப் பதிய வேண்டுமா?

பழைய செக்ரட்டரி

சங்கப் பதிவு ஏற்கும், தம்பி. ஆனால் வருமான வரித் துறையில் 12-ஏ, 80-ஜி பதிவுகளும், மூன்று ஆண்டாவது இதே வேலை செய்த கணக்கும் வேண்டும். அதன் பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தில் CSR-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்து வைத்திருக்கிறீர்களா?